மாங்காய் லோடு மெசேஜ்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்கூழ் ஆலையிலிருந்து விவசாயிகளுக்குப் போகும் மெசேஜ்களை மொத்தமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘நீங்கள்’ என்று பழி சொல்வதை, ‘நான்’ பார்த்ததையும் என் கவலையையும் சொல்வதாக மாற்றுகிறேன். ‘நீங்கள்’ என்று தேடி மாற்றினால் போதாது. “எப்பவும் அடிபட்ட காயையே அனுப்புறீங்க” என்பதில் அந்தச் சொல்லே இல்லை. பழி ‘-றீங்க’ என்ற முடிவிலும் ‘எப்பவும்’ என்பதிலும் இருக்கிறது. அதனால் முடிவுகளையும் தேட வேண்டியிருந்தது.

அந்த மெசேஜ் இப்போது இப்படி: “செவ்வாய்க்கிழமை வந்த பெங்களூரா லோடில் அடிபட்ட காய் நிறையப் பார்த்தேன். கூழுக்கு ஆகாமல் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. அடுத்த லோடுக்கு அடியில் வைக்கோல் போட முடியுமாண்ணா?”

அப்புறம் ஒன்று. “உங்களுக்கு அக்கறை இல்லைன்னு நான் நினைக்கிறேன்” என்பதில் ‘நான்’ வந்தாலும் பழி அப்படியேதான் இருக்கிறது. அப்படிப்பட்டதைக் கையால் திருத்துகிறேன். தேதியையும் எடையையும் மட்டும் தொடுவதில்லை.