பார்த்தவர் யார், பிறகு வந்தவர் யார்: ஒரு பிரஸ் ஷாப் விபத்துக்குச் சாட்சிப் பட்டியல் போட்ட அனுபவம்

அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தபோது நடந்தது. செகண்ட் ஷிப்டில் பவர் பிரஸ் ஒன்றில் ஆபரேட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மறுநாள் காலை நான் போகும்போது மேஜையில் ஷிப்ட் சூப்பர்வைசர் எழுதி வைத்த தாள் ஒன்று இருந்தது. தலைப்பு ‘சாட்சிகள்’. கீழே பதினோரு பெயர். முதல் பெயர் அவருடையதேதான்.

இ.எஸ்.ஐ. விபத்துப் பதிவேடு, அதாவது படிவம் 11, எழுதியவர்களுக்குத் தெரியும். அதில் இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, தொழில் எழுத ஒரு கட்டம் உண்டு. அவர்கள் கண்ணால் பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் எங்கேயும் இல்லை. அதனால் பல கம்பெனிகளில் கையெழுத்துப் போடச் சௌகரியமான இரண்டு பேரைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஒருவர் சூப்பர்வைசர், இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூடப் போனவர். சின்னக் காயமென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். விரல் போன கேஸில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து விசாரிப்பார்கள், தொழிற்சாலை ஆய்வாளரும் வருவார். அப்போது ‘சாட்சி’ என்று எழுதப்பட்டவரிடம் முதல் கேள்வியே “நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க?” என்பதுதான்.

இந்தக் கேஸில் ஒரு தகராறும் இருந்தது. பிரஸ் எப்படி அடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸெலக்டரை சிங்கிள் ஸ்ட்ரோக்கில் வைத்தால் பெடலை ஒரு தடவை மிதித்ததும் ராம், அதாவது மேலிருந்து வந்து அடிக்கும் பாகம், இறங்கி ஏறி மேலே நின்றுவிட வேண்டும். ‘தானா ரெண்டாவது அடி விழுந்துச்சு’ என்று ஆபரேட்டர் ஆஸ்பத்திரியில் சொன்னார். ‘பெடலை ரெண்டு தடவ மிதிச்சுட்டான்’ என்று ஷாப்பில் பேச்சு. தொழிலாளியின் கவனக்குறைவு என்பதற்காக இ.எஸ்.ஐ. பலன் நின்றுவிடாது. ஆனால் மிஷினைத் திறந்து பார்ப்பதா, ஆபரேட்டருக்கு மெமோ கொடுப்பதா என்பது இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை ‘உடனே வந்துட்டேன் சார்’. இந்த ‘உடனே’யை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மணியையும் கேட்டுப் பிரயோஜனமில்லை. அந்த நேரத்தில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? அதனால் நேரத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் தெரிந்த நாலு சம்பவங்களை வரிசையாக வைத்துக்கொண்டேன்: சத்தம், எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தது, கையை வெளியே எடுத்தது, வண்டி கிளம்பியது. ஒவ்வொருவரிடமும் இப்படித்தான் கேட்டேன்: “நீங்க வந்தப்போ மோட்டார் ஓடிட்டு இருந்துச்சா? கை டையில மாட்டியிருந்துச்சா, எடுத்துட்டாங்களா?” ஆள் பொய் சொல்ல நினைக்காவிட்டால் இந்தக் கேள்வியில் அவர் வந்த இடம் தானாக விழுந்துவிடும்.

விழுந்தது. பதினோரு பேரில் எட்டுப் பேர் கையை எடுத்த பிறகு வந்தவர்கள். சூப்பர்வைசர் அந்த நேரம் ஸ்டோர்ஸில் இருந்தார், வண்டி கிளம்பும்போதுதான் வந்தார். பெடல் கதையை அழுத்திச் சொன்ன மூன்று பேரும் இந்த எட்டுப் பேருக்குள்தான் இருந்தார்கள். மூவர் வாயிலும் வார்த்தை மாறாமல் ஒரே வாக்கியம். ஒருவரை அவர் நின்றதாகச் சொன்ன இடத்துக்கே கூட்டிப்போய் நிற்க வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்கிராப் பின் மறைக்கிறது, பெடல் தெரியவே தெரியாது. “இல்ல சார், எல்லாரும் சொன்னாங்க” என்றார். அவர்மேல் தப்பில்லை, ராத்திரி முழுக்க கேன்டீனில் அதைத்தான் பேசியிருப்பார்கள்.

மீதி மூன்று பேரில் ஒருவர் பக்கத்து பிரஸ் ஆபரேட்டர். விபத்து நடந்த மிஷினுக்கு முதுகைக் காட்டி நின்றவர், எதையும் பார்க்கவில்லை. அதனால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஆனால் அவர் காதால் கேட்டிருந்தார்: ஒரு அடி, வழக்கமான இடைவெளிகூட இல்லாமல் இன்னொரு அடி, பிறகு அலறல். ஒரே லைனில் வருஷக்கணக்காக நிற்பவருக்குப் பக்கத்து மிஷினின் தாளம் பழக்கம். கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. அதன்படி அவர் நேரடிச் சாட்சிதான். பெயருக்கு எதிரே ‘பார்க்கவில்லை, சத்தம் கேட்டார்’ என்று எழுதிக்கொண்டேன்.

பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது எமர்ஜென்சி ஸ்டாப்பினால்தான். அதை அடித்தது யார் என்று கேட்டால் பதினோரு பேரும் ‘நான் இல்லை’ என்கிறார்கள். அந்த பிரஸ்ஸில் பீஸை எடுத்து அடுக்க எதிர்ப்பக்கம் ஒரு ஹெல்ப்பர் நிற்பார். கான்ட்ராக்ட் ஆள், ஒடிசாக்காரர். கம்பெனி ரோலில் இல்லாததால் சூப்பர்வைசர் அவர் பெயரை எழுதவே இல்லை. கான்ட்ராக்டரின் மஸ்டரைப் புரட்டினால் அன்று அந்த லைனில் அவர் இருந்தது தெரிந்தது. கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

அவரிடம் பேச இந்தி தெரிந்த ஆள் வேண்டும். உதவிக்கு முன்வந்தவர் அன்று ராத்திரி ஓடி வந்த கூட்டத்தில் ஒருவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்கிறவர் தனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்து ஊற்றிவிடுவார், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும். அன்று ஷிப்டிலேயே இல்லாத டூல் ரூம் பையன் ஒருவனை உட்கார வைத்துப் பேசினோம். கான்ட்ராக்டரையும் சூப்பர்வைசரையும் அறைக்குள் விடவில்லை. ‘பெயர் எழுதினால் வேலை போய்விடுமா’ என்பதுதான் ஹெல்ப்பர் முதலில் கேட்டது. சொன்னது இவ்வளவுதான்: ராம் மேலே போனது, ஆபரேட்டர் பீஸை எடுக்கக் கை விட்டார், ராம் நிற்காமல் திரும்ப இறங்கியது, நான் பட்டனை அடித்தேன். பெடலைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, என் பக்கத்திலிருந்து கால் தெரியாது என்றார். அந்த ‘தெரியாது’வையும் அப்படியே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம்.

பிறகு வந்தவர்களைக் கழித்துக் கட்டிவிடலாமா? முடியாது என்று காட்டியவர் எலக்ட்ரீஷியன். தான் வந்தபோது ஸெலக்டர், ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிற ‘இன்ச்’சில் இருந்தது என்று தன் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ‘சிங்கிளிலேயே இல்லாத மிஷினில் எப்படி டபுள் ஸ்ட்ரோக் வரும்’ என்று புரொடக்‌ஷனில் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் வந்தது கையை எடுத்த பிறகு. அவருக்கு முன்னால், ஸ்டாப் அடித்ததற்கும் கையை எடுத்ததற்கும் நடுவில் வந்தவர் பிரஸ்ஸில் டை மாட்டிக் கொடுக்கும் செட்டர். ராம் கீழ்ப்பக்கமே நின்றுவிட்டதால், பட்டனை விடுவித்து, ஸெலக்டரை சிங்கிளிலிருந்து இன்ச்சுக்குத் திருப்பி, சுற்றிக்கொண்டிருந்த ஃப்ளைவீலின் வேகத்திலேயே ராமைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கையை விடுவித்தது அவர்தான். அவர் திருப்பாமல் விட்டிருந்தால் கை வந்திருக்காது. திருப்பியதால் மிஷினின் நிலை மாறிவிட்டது. இரண்டு பேர் வந்த வரிசை தெரியாமல் இரண்டு வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

அதனால் தாளை இரண்டு பகுதியாகப் போட்டேன். முதல் பகுதி, சம்பவ நேரத்தில் அங்கே இருந்தவர்கள்: ஹெல்ப்பர், பக்கத்து பிரஸ் ஆபரேட்டர். அடிபட்டவரின் வாக்குமூலம் தனியாக. இரண்டாம் பகுதி, பிறகு வந்தவர்கள், வந்த வரிசைப்படி: எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தார், வந்ததும் முதலில் என்ன பார்த்தார், எதைத் தொட்டார் அல்லது நகர்த்தினார். மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரத்தம் வழுக்கும் என்று தரையைக் கழுவியவர், டையிலிருந்த பீஸை எடுத்துப் போட்டவர் எல்லோரும் அதில் வந்தார்கள். யார்மேலும் பழி போடுவதற்கில்லை என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்கள். மற்றவர் சொல்லிக் கேட்டதை மட்டும் சொன்னவர்களின் பெயர் இரண்டாம் பகுதியில் இருக்கும், ஆனால் பெடல் கதை அவர்கள் கட்டத்தில் ஏறாது. ‘பிறர் சொல்லக் கேட்டது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வாட்ச்மேனைச் சேர்ப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. அவர் ஷாப்புக்குள் வரவே இல்லை, எதையும் பார்க்கவில்லை. ஆனால் வண்டி வெளியே போன நேரம் 9:52 என்று கேட் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தார். அந்த ராத்திரியில் கடிகாரம் பார்த்து எழுதப்பட்டது அது ஒன்றுதான். கடைசி வரியாக அவரையும் போட்டு, ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலை இணைத்தேன். மற்ற மூன்று சம்பவங்களையும் அதிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிட முடிந்தது.

சூப்பர்வைசர் விஷயம்தான் கொஞ்சம் இழுத்தது. “நான் இன்சார்ஜ், என் பேர் இல்லாம எப்படி?” என்றார். பதிவேட்டில் விபத்தைத் தெரிவித்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம், பதிவு எழுதியவர் கையெழுத்துக்கும் பதவிக்கும் ஒரு கட்டம் தனியாக இருக்கிறது. அன்று ராத்திரி ஹெல்ப்பர் ஓடிப்போய்ச் சொன்னது இவரிடம், பதிவை எழுதியவரும் இவர். அவருக்கான இடம் அது. அதைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். சாட்சிக் கட்டத்தில் அவர் முதலில் எழுதியிருந்த இரண்டு பெயரையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் வைத்து, சரியான இரண்டு பெயரை எழுதி, காரணத்தைக் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரியில் சொன்னோம். வெள்ளை மை தடவவில்லை, புதுப் பக்கமும் எழுதவில்லை.

மெமோ போகவில்லை. மெயின்டனன்ஸில் டையைக் கழற்றிவிட்டு பிரஸ்ஸை சிங்கிளில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சூடேறிய பிறகு ராம் மேலே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சறுக்குவது தெரிந்தது. பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. அந்த பிரஸ்ஸில் பெடலை எடுத்துவிட்டு இரண்டு கைப் பட்டன் வைத்தார்கள். ஆய்வாளர் வந்த அன்று ஹெல்ப்பரைத்தான் முதலில் கேட்டார். மொழிக்கு அதே டூல் ரூம் பையன் உட்கார்ந்தான்.