"சரி"ன்னது யாருக்கு அண்ணாச்சி?

சிவகாசியில் சின்ன ஆப்செட் பிரஸ் எங்களுடையது. ஊருக்கெல்லாம் லெட்டர்பேடு அடித்துக் கொடுப்போம். எங்கள் ஆட்கள் அதில் ஒரு தாளை எடுத்து ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று லீவு எழுதிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான். பேப்பர் லோடு வந்த செய்தியும் அங்கேதான், பேதி ஆன செய்தியும் அங்கேதான். "அந்தச் சாட்டையாவது மாசா மாசம் எக்ஸ்போர்ட் பண்ணி, பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடுங்க சார்" என்று ஆடிட்டர் ஆபீஸ் தம்பி சொல்லிவிட்டுப் போனார். கணக்கு எழுதுகிறவன் நான், வேலை என் தலையில் விழுந்தது.

2025 பிப்ரவரி சம்பளம் போடும்போது வந்தது வினை. அந்த வருசம் மாசி சிவராத்திரி 26-ஆம் தேதி, புதன்கிழமை. எங்கள் பக்கம் அன்றைக்குக் குலசாமி கோயிலுக்குப் போகாதவன் மனுசனே இல்லை. பிரிண்டில் இப்படி இருந்தது:

```
26/02/2025, 12:14 am - மிஷின் தம்பி: அண்ணாச்சி நாளைக்கு லீவு. குலசாமி கோயிலுக்குப் போறோம்
26/02/2025, 7:52 am - பைண்டிங்: பசை தீர்ந்துருச்சு. ஒரு வாளி வாங்கணும்
26/02/2025, 8:41 am - முதலாளி: சரி
```

படுக்கப் போகும்போது அனுப்பியிருக்கிறார். அவருக்கு அது இன்னும் செவ்வாய்க்கிழமை ராத்திரி. போனுக்கு அது புதன் பிறந்து பதினாலு நிமிசம். எழுதியதை அப்படியே எடுத்தால் வியாழக்கிழமைதான் லீவு. வியாழக்கிழமையோ மனுசன் ராத்திரி கண் விழித்த கண்ணோடு வந்து, கையெல்லாம் மையாக மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆக ரெக்கார்டுபடி, வந்த நாளில் லீவு, வராத நாளில் சொல்லாமல் நின்றவர். சொல்லாமல் நின்றால் எங்களிடம் அட்டென்டன்ஸ் காசு போய்விடும்.

அவர் நேரே முதலாளி மேஜைக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, நீங்கதானே சரின்னீங்க?"

"சொன்னேன்டா. அது பசைக்குச் சொன்னதுல்ல? உனக்குக் கட்டைவிரல் போட்டேனே!"

போனைத் திறந்து காட்டினார். உண்மைதான். லீவு மெசேஜின் காலடியில் மஞ்சள் கட்டைவிரல் நிற்கிறது. "சரி"யும் பசை மெசேஜை இழுத்துப் பிடித்துத்தான் போட்டிருக்கிறார். ஆனால் எக்ஸ்போர்ட் பண்ணினால் வருவது வெறும் எழுத்து. ரியாக்‌ஷன் அதில் வராது; எந்த மெசேஜுக்குப் பதில் சொன்னோம் என்பதும் வராது. குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்த சம்மதம், காகிதத்தில் பசை வாளியோடு ஒட்டிக்கொண்டது. முதலாளிக்கே கொஞ்சம் அதிர்ச்சி. எத்தனை லீவுக்குக் கட்டைவிரல் காட்டியிருப்பார்! (துக்கச் செய்திக்கும் அதைத்தான் போடுவார் என்பது வேறு விசயம்.)

தம்பிக்குக் காசு கொடுத்தாயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு மாதிரி மெசேஜ் எழுதிக் குரூப்பில் போட்டேன்:

```
லீவு விண்ணப்பம்
பெயர், பிரிவு: செல்வம், மிஷின்
நாள்: 26-02-2025 புதன், முழு நாள்
காரணம்: குலதெய்வக் கோயில்
வேலைக்குத் திரும்புவது: 27-02-2025 வியாழன் காலை
```

‘நாளை’, ‘நாளன்னைக்கு’ இரண்டும் தடை. தேதியோடு கிழமையும் கட்டாயம். தேதியைத் தப்பாக அடித்தால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும். அரை நாள் என்றால் காலையா மதியமா என்று இருக்க வேண்டும். காரணம் ஒரு வரி போதும். ‘உடம்பு சரியில்லை’ என்றாலே நம்புவோம், எத்தனை தடவை போனீர்கள் என்று பைண்டிங்கில் இருக்கும் அக்காமாரும் படிக்க வேண்டியதில்லை. தப்பாகப் போனால் பதினைந்து நிமிசத்துக்குள் திருத்தலாம். அதற்கப்புறம் வாட்ஸ்அப் விடாது, புதுசாகத்தான் போட வேண்டும். முதலாளிக்கும் ஒரு வேலை: கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, பெயரும் தேதியும் சேர்த்து அவரே எழுத வேண்டும். ‘செல்வம், 26-02-2025 லீவு சரி.’ இப்படி இருந்தால் நடுவில் பசை வந்தாலும் பிளேட் வந்தாலும் கவலையில்லை.

முதலாளி முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார். கட்டிங் மாரியண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு எழுத்தே ஆகாது, எதுவானாலும் வாய்ஸ்தான். என் மாதிரியை மதித்து, ‘லீவு விண்ணப்பம், பெயர் புள்ளி புள்ளி மாரி’ என்று செய்தி வாசிப்பவர் மாதிரி பேசி அனுப்பினார். அதுவும் பிரிண்டில் `<Media omitted>` என்று மட்டும்தான் வரும். கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தேன். மறுநாளே பிடித்துக்கொண்டார். தேதி சரி, கிழமை சரி, காரணம் ஒரே வரி. பிரிவு மட்டும் ‘கட்டில்’ என்று விழுந்திருந்தது.

திருத்தச் சொல்லலாம் என்று போனை எடுப்பதற்குள் முதலாளி, சொன்னபடியே பெயர், பிரிவு, தேதி எல்லாம் சேர்த்துப் பதில் போட்டுவிட்டார்: ‘மாரி, கட்டில், 05-03-2025 புதன் முழு நாள் லீவு சரி.’

மார்ச் மாத ஃபைலில் அப்படியேதான் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க பிரஸ்ல ஃபர்னிச்சரும் செய்றீங்களா?" என்றார்.