தருமபுரி சரியவே இல்லை

கிருஷ்ணகிரியிலிருந்து நான்கு கிளைகளுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபார நிறுவனத்தில் பணிபுரிகிறேன். விற்பனை டாஷ்போர்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் முதலாளிக்கு நான்கு வரி வார அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு. சென்ற வாரம் அந்த நான்கு வரியில் நான் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

கணக்குப் பிரிவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஆறு சிறிய வரைபடங்கள் இருந்தன. ஓசூர், அரூர், கிருஷ்ணகிரி மூன்றிலும் பெரிய மாற்றமில்லை. தருமபுரியில் மட்டும் கடைசித் தூண் முந்தைய தூணின் மூன்றில் ஒரு பங்கு உயரமே இருந்தது. 'தருமபுரி விற்பனை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது, மழை காரணமாக இருக்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்தக் கிளை மேலாளர் அழைத்தார். "சார், லோடு பத்தலைன்னு நான் கேட்டுட்டு இருக்கேன், நீங்க சரிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கீங்களே!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகள் கலங்கலாகவே தெரிந்தன. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பக் கேட்டு வாங்கிய பிறகுதான் தருமபுரியின் அச்சு பூஜ்யத்தில் அல்லாமல் 12 லட்சத்தில் தொடங்குவது தெரிந்தது. முந்தைய வாரம் 18.6 லட்சம், இந்த வாரம் 14.2 லட்சம். 12க்கு மேலே நிற்கும் 6.6 லட்சத்தையும் 2.2 லட்சத்தையுமே என் கண் ஒப்பிட்டிருக்கிறது. உண்மையான வித்தியாசம் ஏறக்குறைய 24 விழுக்காடுதான்.

அந்த 24 விழுக்காடும் பொய்யானது என்பதுதான் வேதனை. படத்தை எடுத்தவர் அழகுக்காக மேல் பட்டையை வெட்டியிருந்தார். தேதி வரம்பு அதில்தான் இருந்தது. எங்கள் வாரம் திங்கள் முதல் சனி வரை, ஆனால் கடைசித் தூணில் வியாழன் வரையிலான நான்கு நாள் விற்பனை மட்டுமே இருந்தது. "பட்டை எதுக்குங்க, படம் போதாதா?" என்றவரிடம் வாதாடித்தான் முழுப் படத்தையும் வாங்கினேன்.

நாள் சராசரியை எடுத்து ஒப்பிடலாம் என்று முதலில் தோன்றியது. எங்களுக்குச் சனிக்கிழமை விற்பனை மற்ற நாள்களைவிட மிகுதி என்பதால் அதுவும் ஏமாற்றும். ஆகவே நேரடி டாஷ்போர்டில் முந்தைய வாரத்தையும் வியாழனோடு நிறுத்திப் பார்த்தேன்: 12.8 லட்சம். சரிவு என்று நான் எழுதிய கிளை, உண்மையில் 11 விழுக்காடு ஏறியிருந்தது.

திருத்தி அனுப்பியது இதுதான்: 'திங்கள் முதல் வியாழன் வரை தருமபுரி 14.2 லட்சம், முந்தைய வாரம் இதே நாள்களில் 12.8 லட்சம். மற்ற மூன்று கிளைகளிலும் இதே நாள்களை ஒப்பிட்ட விவரம் மாலையில் வரும். காலை அறிக்கையில் தருமபுரி பற்றிய வரி தவறு.'

மழையைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லவில்லை என்பதால் அந்த வரியை எடுத்துவிட்டேன். முதலாளி பதில் எழுதவில்லை. தருமபுரிக்குக் கூடுதல் லோடு மட்டும் மறுநாள் காலையில் கிளம்பியது.