788 பேர் ஏன்?

சிசேரியனுக்கு முன் வயிற்றுத் தோலைச் சுத்தம் செய்யும் புதிய கரைசல் ஒன்றை வழக்கமான கரைசலோடு ஒப்பிடும் ஆய்வுக்கு, புள்ளியியலாளர் என்ற முறையில் மாதிரி அளவுப் பகுதியை எழுதிக்கொடுத்தேன். (இடம் தெரியாதிருக்க எண்களை மாற்றியிருக்கிறேன்.) அது மூன்றே வரி: காயத் தொற்று 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறையும் எனக் கொண்டு, 80 சதவீதப் பவரும் 5 சதவீதப் பிழை வாய்ப்பும் வைத்தால், விடுபடுவோரையும் சேர்த்து 788 பேர் தேவை. கணக்கில் பிழை இல்லை. ஆனால் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேட்டார்: "கணக்கு சரியாகத்தான் இருக்கும் சார். ஆனால் 12 எங்கிருந்து வந்தது, 6 யார் சொன்னது என்று இதில் இல்லையே? 300 பேரிடம் பார்த்தால் போதாதா?"

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் அவரைப் போன்ற ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்கின்றன. அவர் பின்தொடர முடியாத பத்தியை எழுதியது என் குறை என்று அன்று உணர்ந்தேன். ஆய்வுக் குழுவோடு அமர்ந்து, அவர் கேட்ட வரிசையிலேயே மீண்டும் எழுதினேன்.

முதலில் 12. நான் அதை வேறோர் ஊரில் நடந்த ஆய்விலிருந்து எடுத்திருந்தேன். எங்கள் வார்டுப் பதிவேட்டைப் பார்த்தபோது நூற்றுக்கு 8 பேருக்குத்தான் தொற்று என்றிருந்தது. 8 பாதியாகி 4 ஆகும் என்று கணக்கிட்டால், விடுபடுவோரைச் சேர்க்காமலேயே, ஒரு கரைசலைப் பெறும் பிரிவுக்கு மட்டும் 550 பேர் வேண்டும். 12 பாதியாகி 6 ஆகும் என்றால் 354 பேரே போதும். இவ்வளவு வேறுபாடு ஏன் என்று தேடியதில், பதிவேடு தாய் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் வரைதான் தொற்றை எண்ணுகிறது, எங்கள் ஆய்வோ 30 நாள் வரை எண்ணப்போகிறது என்பது தெரிந்தது. வீடு திரும்பிய பிறகு சீழ் வைத்து அருகிலுள்ள கிளினிக்குக்குப் போனவர்கள் எங்கள் பதிவேட்டுக்கு வருவதே இல்லை. மூன்று மாதம் தொலைபேசியில் விசாரித்துப் பார்த்ததில் எண்ணிக்கை 12 ஐ ஒட்டியே வந்தது. பதிவேட்டு எண்ணையும் மறைக்காமல், இந்த வேறுபாட்டின் காரணத்தோடு சேர்த்தே எழுதினேன். நெறிமுறைக் குழுவினர் பதிவேட்டைத் தாங்களே பார்த்தால் எழக்கூடிய சந்தேகத்துக்கு, ஆய்வுத் திட்டமான புரோட்டோகாலிலேயே விடை இருக்க வேண்டும்.

அடுத்து 6. புதிய கரைசல் இவ்வளவு குறைக்கும் என்று நாங்கள் நம்பியதால் வந்த எண் அல்ல அது. இதைவிடக் குறைவாகக் குறைத்தால் வழக்கத்தை மாற்ற மாட்டோம் என்று மகப்பேறு மருத்துவர்கள் சொன்ன எல்லை. நூறு பேரில் 6 பேருக்குத் தொற்று தவிர்க்கப்பட்டால், ஏறத்தாழ 17 பேருக்குப் புதிய கரைசலைப் பயன்படுத்தும்போது ஒருவர் தப்புகிறார்; அதன் கூடுதல் விலைக்கு அது தகும் என்பது அவர்கள் கருத்து. இந்த வாதத்தை வார்த்தையில் எழுதாமல் விட்டால், கைக்கு எட்டும் மாதிரி அளவுக்கு ஏற்றபடி வேறுபாட்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்களோ என்ற ஐயம் படிப்பவருக்கு வரும். அப்படி நடப்பதும் உண்டு.

பவர் என்ற சொல்லுக்கு வாக்கியமாகவே விளக்கம் தந்தேன்: "புதிய கரைசல் உண்மையிலேயே தொற்றைப் பாதியாக்குமானால், இதே போன்ற பத்து ஆய்வுகளில் எட்டில் அது தெரியவரும்." 300 பேர் கேள்விக்கு விடை இதிலிருந்தே வந்தது. பிரிவுக்கு 150 பேர் மட்டும் இருந்தால் அந்த வாய்ப்பு பத்துக்கு ஐந்தைக் கூடத் தொடாது. பயன் இருந்தும் அது தெரியாமலே போவதற்கே அதிக வாய்ப்புள்ள ஓர் ஆய்வில் 300 தாய்மார்களைச் சேர்ப்பது சரியா என்று அந்தப் பத்தியின் இறுதியில் கேட்டிருந்தேன்.

விடுபடுவோர் கணக்கில் பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். 10 சதவீதம் பேர் தொடர்பு அறுந்துபோவார்கள் என்றால் 354 ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும், 394 வரும். பத்து சதவீதத்தைக் கூட்டினால் 390 தான் வரும், முடிவில் சிலர் குறைவார்கள். இரு பிரிவுக்கும் சேர்த்து 788.

திருத்திய பகுதி ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த உறுப்பினர் ஒரே ஒரு கேள்வி மேலும் கேட்டார்: "12 தவறாகிவிட்டால்?" பாதிப் பேர், அதாவது 394 பேர், 30 நாளை முடித்ததும், யார் எந்தக் கரைசல் பெற்றார்கள் என்பதைப் பார்க்காமல் மொத்தத் தொற்று விகிதத்தை மட்டும் கணக்கிடுவோம் என்று சேர்த்தோம். எங்கள் அனுமானம் சரியென்றால் அது 9 சதவீதத்தை ஒட்டியிருக்கும். தெளிவாகக் குறைந்திருந்தால் மாதிரி அளவைக் கூட்டுவதற்கு மீண்டும் குழுவிடம் வருவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.