நெடுக்கும் குறுக்கும்: 49 செயல்முறைகளோடு ஆறு வாரம்

திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வுக்கு நான் முதலில் போட்ட அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது. செயல்முறைக் குழுக்கள் ஐந்து, எனவே வாரத்துக்கு ஒரு குழுவாக ஐந்து வாரம், ஆறாவது வாரம் மாதிரித் தேர்வுகள். இரண்டாவது வாரமே அது உடைந்தது. பிஎம்பாக் என்ற திட்ட மேலாண்மை வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பில் (2017) உள்ள 49 செயல்முறைகளில் 24 திட்டமிடல் குழுவில் இருக்கின்றன. தொடக்கத்தில் இரண்டு, முடிப்பில் ஒன்றே ஒன்று. ஒரு வாரம் மூச்சு முட்டும், இன்னொரு வாரம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அதைவிட மோசமானது வேறு. திட்டமிடலை ஒரே மூச்சில் படித்தபோது செலவு, இடர், கொள்முதல் போன்ற அறிவுப் பகுதிகள் எல்லாம் ஒரே குவியலாக மனதில் தங்கின. செலவு எந்த இடத்தில் முடிந்து இடர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டால் பதில் வராது. 40 கேள்விகள் கொண்ட ஒரு மாதிரித் தேர்வில் 17 தவறு. படித்ததெல்லாம் நினைவில் இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அந்த 17 கேள்விகளையும் தாளில் எழுதி உட்கார்ந்தபோதுதான் தவறு இரண்டு வகை என்று புரிந்தது. இரண்டுக்கும் தரம் தொடர்பான கேள்விகளே நல்ல சான்று.

ஒரு கேள்வி இது: மென்பொருளின் ஒரு பகுதியைப் பணிக்குழு சோதித்து முடித்துவிட்டது, பிழை இல்லை. இப்போது வாடிக்கையாளரின் பிரதிநிதி அதைப் பார்த்து ஒப்புதல் தரப்போகிறார். இது எந்தச் செயல்முறை? நான் 'கண்ட்ரோல் குவாலிட்டி' என்று எழுதினேன். சரியான விடை 'வேலிடேட் ஸ்கோப்'. இரண்டுமே கண்காணிப்பு, கட்டுப்பாட்டுக் குழுவைச் சேர்ந்தவை. குழுவைச் சரியாகப் பிடித்தேன், அறிவுப் பகுதியில் தவறினேன். செய்த பொருள் சரியாக இருக்கிறதா என்று உள்ளே சரிபார்ப்பது தரம். கேட்ட பொருள்தான் இது என்று வாடிக்கையாளர் ஏற்பது வரம்பு. பொதுவாக முதலாவதில் சரிபார்த்து வெளிவரும் பொருள்தான் இரண்டாவதற்குள் போகிறது, அங்கே ஏற்கப்பட்ட பிறகு திட்டத்தை முடிக்கும் செயல்முறைக்குப் போகிறது.

இன்னொன்று: பணிக்குழு, வகுத்த தர நடைமுறைகளின்படி வேலை செய்கிறதா என்று தணிக்கை நடக்கிறது. இதற்கும் 'கண்ட்ரோல் குவாலிட்டி' என்றே எழுதியிருந்தேன். விடை 'மேனேஜ் குவாலிட்டி'. இங்கே அறிவுப் பகுதி சரி, குழு தவறு. வேலை நடக்கும் முறையைப் பார்ப்பது நிறைவேற்றக் குழு, வந்த விளைவைப் பார்ப்பது கட்டுப்பாட்டுக் குழு.

ஆறாம் பதிப்பு இந்த 49-ஐயும் கட்டம் போட்ட ஒரே பட்டியலாகத் தருகிறது: அறிவுப் பகுதிகள் வரிசைகள், குழுக்கள் நிரல்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் விடைகளைப் பார்க்கும் முன்பே இரண்டு கேள்விகளை என்னையே கேட்டுக்கொண்டேன். இங்கே பேச்சு எதைப் பற்றியது? அது வரிசை, அதாவது அறிவுப் பகுதி. இப்போது என்ன செய்கிறார்கள்? திட்டமிடுகிறார்களா, செய்கிறார்களா, ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா? அது நிரல், அதாவது குழு. தவறு எழுதும் தாளிலும் இரண்டு பத்தி: 'வரிசைத் தவறு', 'நிரல் தவறு'. என் 17-இல் 11 நிரல் தவறுகள். எதைத் திரும்பப் படிப்பது என்று இந்த எண்ணே சொல்லிவிட்டது.

பிறகு அட்டவணையை மாற்றினேன். பத்து அறிவுப் பகுதிகளையும் வரிசை வரிசையாக நான்கு வாரம். ஒருங்கிணைப்பு, இடர் இரண்டிலும் ஏழேழு செயல்முறைகள் என்பதால் அவற்றுக்கு மூன்று நாள் வீதம். தரம், தகவல்தொடர்பு, கொள்முதல் மும்மூன்றுதான் என்பதால் இரண்டு நாள் வீதம். வாரக் கடைசியில் மட்டும் நிரல்வாரியாகப் பார்ப்பேன். வெற்றுக் கட்டங்களை வரைந்து நினைவிலிருந்து நிரப்பும்போது காலியாக விட வேண்டிய கட்டங்களும் பாடமாகின்றன: வரம்பு, கால அட்டவணை, செலவு மூன்றுக்கும் நிறைவேற்றக் குழுவில் எதுவுமே கிடையாது. ஐந்து குழுக்களிலும் கால் பதித்திருப்பது ஒருங்கிணைப்பு மட்டுமே.

வினைச்சொல்லை வைத்துக் குழுவைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். 'பிளான்' என்று தொடங்கினால் திட்டமிடல், 'கண்ட்ரோல்', 'மானிட்டர்' என்றால் கட்டுப்பாடு. இவை வரை அது ஏமாற்றாது. 'டெவலப்' என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். திட்டச் சாசனத்தை உருவாக்குவது தொடக்கம், கால அட்டவணையை உருவாக்குவது திட்டமிடல், பணிக்குழுவை வளர்ப்பது நிறைவேற்றம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். 'ஐடென்டிஃபை'யும் அப்படியே: இடர்களை அடையாளம் காண்பது திட்டமிடல், பங்குதாரர்களை அடையாளம் காண்பது தொடக்கம். இந்த ஐந்தையும் தனித் தாளில் எழுதி மேசையின் மேல் ஒட்டினேன்.

கடைசி இரண்டு வாரமும் கலப்புக் கேள்விகள் மட்டும். தொடங்கும் முன் எந்தத் தேர்வு, எந்தப் பாடத்திட்டம் என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் 2021-இல் வந்த பிஎம்பாக் ஏழாம் பதிப்பு இந்த வரிசை, நிரல் பட்டியலை வைத்துக் கட்டப்பட்டதல்ல. ஐந்தாம் வாரக் கடைசியில் அதே அளவுள்ள ஒரு மாதிரித் தேர்வில் தவறு ஆறு. அதில் நான்கு வரிசைத் தவறுகள், பெரும்பாலும் வளங்களும் கொள்முதலும் உரசிக்கொள்ளும் இடத்தில். ஆறாம் வாரத்தின் முதல் மூன்று நாளை அந்த இரண்டு வரிசைகளுக்கே கொடுத்தேன்.