பின்ச் ஆன பிறகும் கரண்ட் ஏன் ஓடுகிறது?

கோவை கணபதி பக்கம் மோட்டார் பம்ப் டெஸ்டிங் பெஞ்சுகளுக்குச் சின்னச் சின்ன அளவுக் கருவிகள் செய்து தருவது என் வேலை. அதில் அதிகம் போவது, பேரிங் அதிர்வைப் பார்க்கும் பீசோ பிக்கப். பீசோ வட்டு உண்டாக்கும் மின்னழுத்தம் தாராளம்தான், ஆனால் அதிலிருந்து கரண்ட் எடுக்கப் போனால் படுத்துவிடும். நான் போடும் வட்டு சுமார் 20 நானோஃபாரட். இரண்டு போல் மோட்டார் 2880 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அடிப்படை அதிர்வு 48 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் இந்த வட்டு ஏறக்குறைய 165 கிலோ ஓம் மின்மறுப்பு உள்ள மூலம். அதை 10 கிலோ ஓம் இன்புட் உள்ள சாதாரண டிரான்சிஸ்டர் ஸ்டேஜில் கொடுத்தால் பதினாறில் ஒரு பங்கு சிக்னல்தான் உள்ளே வரும். அதனால் முதல் ஸ்டேஜ் எனக்கு எப்போதும் ஜேஃபெட்தான்: கேட்டில் கரண்ட் ஏறக்குறைய எடுக்காமல், அங்கே கொடுக்கும் மின்னழுத்தத்தாலேயே சோர்ஸுக்கும் ட்ரெயினுக்கும் நடுவே உள்ள சேனலின் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் அது.

புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ தம்பி ஒருவர், கல்லூரி லேபில் வரைந்த ட்ரெயின் கேரக்டரிஸ்டிக்ஸ் கிராஃபை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஏனுங்க சார், பின்ச்-ஆஃப்னா சேனல் மூடிக்குதுன்னு சொல்றாங்க. அப்புறம் கரண்ட் நின்னு போகோணுமில்லீங்க?"

சேனல் முழுக்க மூடவில்லை, ட்ரெயின் முனையில் மட்டும்தான் மூடுகிறது. கேட்டுக்கும் சேனலுக்கும் இடையே உள்ள ரிவர்ஸ் மின்னழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சோர்ஸ் பக்கம் குறைவு, ட்ரெயின் பக்கம் போகப் போக அதிகம். ட்ரெயின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் இல்லாத டிப்ளீஷன் பகுதி அந்த முனையில்தான் முதலில் சேனலை நெருக்கிப் பிடிக்கும். அதற்கு மேல் கூட்டும் மின்னழுத்தம் எல்லாம் அந்தச் சின்ன இடுக்கிலேயே விழுந்துவிடும். மிச்சச் சேனலின் மேல் விழும் மின்னழுத்தம் மாறாததால், அது அனுப்பும் கரண்டும் மாறாது. இடுக்கின் வாய்க்கு வந்த எலக்ட்ரான்களை அங்குள்ள பலமான மின்புலம் அப்படியே ட்ரெயினுக்கு இழுத்துவிடும். நொய்யல் தடுப்பணையில் வழிந்து விழும் தண்ணீர் மாதிரி: எவ்வளவு விழும் என்பதை மேல்பக்கத்து நீர்மட்டம் முடிவு செய்யும், கீழே பள்ளம் எத்தனை அடி என்பது அல்ல. கிராஃபில் கோடு படுத்துக்கிடக்கும் காரணம் இதுதான். கரண்ட் நிஜமாக நிற்க வேண்டுமென்றால் கேட்டிலேயே முழு பின்ச்-ஆஃப் மின்னழுத்தத்தையும் கொடுத்துச் சேனலை நெடுக மூட வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். பிஎஃப்டபிள்யூ10 ஜேஃபெட் வாங்கினால் ஒவ்வொன்றையும் அளந்துவிடுவேன். கேட்டை சோர்ஸோடு சேர்த்து, ட்ரெயினுக்கு 9 வோல்ட் கொடுத்தால் மீட்டர் காட்டுவது IDSS. டேட்டாஷீட்டே 8 முதல் 20 மில்லிஆம்பியர் வரை என்று இடம் விடுகிறது, எனவே அளக்காமல் பயாஸ் போடுவது வீண். அளந்ததில் ஒன்று 10 மில்லிஆம்பியர், பின்ச்-ஆஃப் மின்னழுத்தம் VP −4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

`ID = IDSS × (1 − VGS/VP)²`

கேட்–சோர்ஸ் மின்னழுத்தமான VGS −2 வோல்ட் என்றால் ட்ரெயின் கரண்ட் ID 2.5 மில்லிஆம்பியர். சோர்ஸில் 800 ஓம் போட்டால் அந்த 2 வோல்ட் தானாகவே கிடைத்துவிடும் (கடையில் கிடைப்பது 820, அது போதும்). அவுட்புட்டையும் அதே சோர்ஸிலிருந்து எடுக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு சிக்னல்தான் வெளியே வரும். ஆனால் அவுட்புட் மின்மறுப்பு 300 ஓமுக்குள் இறங்கிவிடுவதால் அடுத்த ஸ்டேஜுக்குக் கவலை இல்லை.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மெகாஓம். இதே 2.5 மில்லிஆம்பியருக்கு, 200 கெயின் உள்ள சாதாரண டிரான்சிஸ்டராக இருந்தால் பேஸுக்கு 12.5 மைக்ரோஆம்பியர் வேண்டும், 2.2 மெகாஓம் வழியே அதை அனுப்ப 27 வோல்ட் தேவை. 12 வோல்ட் சப்ளையில் அதற்கு வழியே இல்லை. ஜேஃபெட்டின் கேட் ரிவர்ஸில் இருக்கும் ஜங்ஷன், அதில் வருவது கசிவு மட்டும்தான். 25 டிகிரியில் 0.1 நானோஆம்பியர் என்று எடுத்தால்கூட அந்த ரெசிஸ்டரில் 0.22 மில்லிவோல்ட். ஆனால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். மோட்டார் பாடியில் ஒட்டிய பெட்டி 75 டிகிரி போனால் 32 மடங்கு. 2.2 மெகாஓமில் அது 7 மில்லிவோல்ட், பொருட்டல்ல. "இம்பீடன்ஸ் இன்னும் கூடட்டும்" என்று 100 மெகாஓம் போட்டிருந்தால் 320 மில்லிவோல்ட் ஏறி, பயாஸே நகர்ந்துவிடும்.

பின்ச்-ஆஃப் பாடம் நிஜமாகக் கைகொடுத்தது ஒரு ரிப்பேரில். அதிர்வலையின் மேல்பாதி நசுங்கி வருகிறது என்று ஒரு போர்டு வந்தது. சப்ளை 12 வோல்ட் சரியாக இருந்தது. ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 2 வோல்ட்கூட இல்லை. யாரோ ஹம் வராமல் இருக்க ட்ரெயின் சப்ளையில் 3.3 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரடும் ஃபில்டராகப் போட்டிருந்தார்கள். 2.5 மில்லிஆம்பியருக்கு அந்த ரெசிஸ்டரே 8 வோல்ட் தின்றுவிடும். VGS −2 இருக்கும்போது பின்ச்-ஆஃபுக்கு ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே குறைந்தது 2 வோல்ட் வேண்டும். அது இல்லாததால் ஜேஃபெட் கிராஃபின் சரிவுப் பகுதிக்கு இறங்கிவிட்டது. சிக்னல் மேலே போகும்போது சோர்ஸும் கூடவே ஏறி, இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடுகிறது. அதனால்தான் மேல்பாதி மட்டும் நசுங்கியது.

ரெசிஸ்டரை 470 ஓமாகக் குறைத்து, கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரடாக ஏற்றினோம். ஃபில்டரும் கெடவில்லை, ட்ரெயின்–சோர்ஸ் மின்னழுத்தம் 8.8 வோல்ட்டுக்கு வந்தது.