மார்த்தாண்டத்தில் ஒன்றாம் வகுப்பு, இங்கிலாந்தில் இயர் 2

மனைவிக்கு இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றில் செவிலியர் வேலை கிடைத்ததால், மகளும் நானும் 2024 ஜனவரியில் டிபென்டன்ட் விசாவில் அங்கே போய்ச் சேர்ந்தோம். மார்த்தாண்டத்தில் ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவளை அங்கே இயர் 2 வகுப்பில் சேர்த்தார்கள். அதற்குக் காரணம் அவளுடைய பிறந்த தேதிதான்.

கல்வியாண்டின் நடுவே சேர்வதால், கவுன்சிலின் இணையதளத்தில் இன்-இயர் அட்மிஷன் விண்ணப்பம் அளித்தோம். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தமும், வயதுக்குப் பிறப்புச் சான்றிதழும் கேட்டார்கள். நம் ஊர்ச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருப்பதால், இரண்டும் ஒரே குழந்தையின் பெயர்தான் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்பினோம். ஊரில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் முதலில் கேட்கப்படும் டி.சி.யை இங்கே ஒருவரும் கேட்கவில்லை; ஊர் திரும்பினால் தேவைப்படுமே என்று அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பினர். என் மகள் பிறந்தது 2017 ஆகஸ்ட் நடுவில் என்பதால், இயர் 2 வகுப்பின் மிக இளையவர்களில் ஒருத்தியானாள். மூன்று வாரம் கழித்துப் பிறந்திருந்தால் இயர் 1-இல் இருந்திருப்பாள். ஒரு வகுப்புக் கீழே சேர்க்கும்படி பெற்றோர் எழுத்து மூலம் கேட்கலாம். ஆனால் குழந்தையின் நலன் கருதி முடிவெடுப்பது பள்ளிச் சேர்க்கைக்குப் பொறுப்பான அமைப்பே. பள்ளியில் இடம் கொடுத்துவிட்டு வகுப்பை மட்டும் மறுத்தால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தலைமையாசிரியரிடம் பேசிய பிறகு நாங்கள் அந்தக் கோரிக்கையை வைக்கவில்லை. வயதொத்த பிள்ளைகளுடன் இருப்பதே நல்லது என்று எங்களுக்கும் தோன்றியது.

கணக்கில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. சிக்கல் எழுத்தொலியில்தான் வந்தது. ஊரில் ‘சி, ஏ, டி, கேட்’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் படித்தவளிடம், இங்கே ‘க், ஏ, ட்’ என ஒலிகளைச் சேர்க்கச் சொன்னார்கள். இயர் 1 முடிவில் நடக்கும், எழுத்தொலிகளைச் சோதிக்கும் போனிக்ஸ் தேர்வில் பங்கேற்காதவர்கள் இயர் 2-இல் அதில் பங்கேற்க வேண்டும். வாய்விட்டுப் படிக்க வேண்டிய 40 சொற்களில் பாதி பொருளில்லாத புனைசொற்கள். மனப்பாடமாகச் சொல் தெரிந்த பிள்ளை அங்கேதான் திணறும்.

மொழி உதவி தனி வகுப்பாக இருக்கவில்லை. உதவி ஆசிரியை ஒருவர் சில பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்து ஒலிகளைப் பயிற்றுவித்தார். அந்த உதவிக்கு அடிப்படை, சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி எது என்று கேட்கும் கட்டம். ‘இங்கிலீஷ்’ என்று எழுதினால் பிள்ளையை உயர்வாக மதிப்பார்கள் என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் பள்ளி அந்தப் பிள்ளையை ஆங்கிலம் கூடுதல் மொழியாக உள்ளவர் என்று பதிவு செய்யாது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்த இத்தகைய மாணவர்களுக்கு முதல் மூன்றாண்டுகள் பள்ளி நிதிக் கணக்கீட்டில் சேரும் கூடுதல் தொகையும் அந்தப் பதிவைப் பொறுத்ததே. வீட்டில் பாட்டியுடன் மலையாளமும் கலந்து பேசினாலும், நாங்கள் ‘தமிழ்’ என்றே எழுதினோம்.